மந்தமான சேவை ஒன்று மற்றதை முடக்குவது எப்படி: டைம்அவுட், மறுமுயற்சி கணக்கு

ஒரு சேவை முழுவதுமாக நின்றுபோனால், அதை அழைக்கும் சேவைக்கு ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற பதில் பெரும்பாலும் சில மில்லிநொடிகளில் கிடைத்துவிடும். அது நிற்காமல் மந்தமாக ஓடும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. ஏனெனில் அழைத்தவர் அப்போது காத்திருக்கத் தொடங்குகிறார்.

இணைய விற்பனைத் தளம் ஒன்றின் ஆர்டர் சேவை 40 த்ரெட்டுகளுடன் இயங்குகிறது என்றும், விலைச் சேவையை எச்டிடிபி வழியே நொடிக்கு 100 முறை அழைக்கிறது என்றும் கொள்வோம். பதில் 0.1 நொடியில் வந்தால், 100-ஐ 0.1-ஆல் பெருக்கக் கிடைக்கும் 10 த்ரெட்டுகள் மட்டுமே எந்த நேரத்திலும் காத்திருப்பில் இருக்கும். விலைச் சேவையின் தரவுத்தளத்தில் ஏதோவொரு பூட்டு விழுந்து, பதில் வர 10 நொடி ஆகிறது என்றால், அதே பெருக்கல் 1000 த்ரெட்டுகளைக் கேட்கும். இருக்கும் 40-உம் அரை நொடிக்குள் தீர்ந்துவிடும். அதன்பின், விலையே தேவைப்படாத முகவரி மாற்றம் போன்ற கோரிக்கைகளும் வரிசையில் நிற்கும். ஆர்டர் சேவையின் சிபியு ஏறத்தாழ சும்மா இருக்க, த்ரெட்டுகள் அனைத்தும் நிரம்பியிருப்பதே இந்த நிலையின் அடையாளம்.

பைத்தானின் `requests` நூலகமும், கோ மொழியின் `http.Client`-உம் நாமாகச் சொல்லாத வரை மொத்தக் காத்திருப்புக்கு எந்த வரம்பும் வைப்பதில்லை. பலர் இதற்கு 30 நொடி என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நிம்மதி அடைகிறார்கள். மேலே கண்ட கணக்கில் 30 நொடிக்கும் வரம்பின்மைக்கும் நடைமுறையில் வேறுபாடே இல்லை. நொடிக்கு 100 அழைப்புகளை 40 த்ரெட்டுகள் தாங்க வேண்டுமானால் ஓர் அழைப்புக்கு 0.4 நொடிதான் உச்சம். கீழ்வரம்பை அளவீடு சொல்லும்: வழக்கமான நாளில் ஆயிரத்தில் 999 பதில்கள் 0.25 நொடிக்குள் வருகின்றன என்றால், 0.3 பொருத்தமான எண்.

```python
requests.get(url, timeout=(0.1, 0.3))
```

இதில் முதல் எண் இணைப்பு ஏற்படுத்துவதற்கு, இரண்டாவது பதிலுக்கு. ஆனால் அந்த இரண்டாவது எண் மொத்த நேரத்தின் வரம்பு அன்று. அடுத்த பைட்டுகள் வரும்வரை எவ்வளவு காத்திருக்கலாம் என்பதன் வரம்பு. மறுமுனை 0.2 நொடிக்கு ஒரு பைட்டாகச் சொட்டவிட்டால் இந்த டைம்அவுட் ஒருபோதும் விழாது. கோ மொழியின் `Timeout` அவ்வாறன்றி, பதிலைப் படித்து முடிக்கும் வரையிலான முழு நேரத்தையும் அளக்கிறது.

மறுமுயற்சியும் இதே த்ரெட் நேரத்தைத்தான் செலவழிக்கிறது. தோற்ற ஒவ்வோர் அழைப்பையும் ஒருமுறை திரும்பச் செய்தால், 0.3 நொடி 0.6 ஆகி, 60 த்ரெட்டுகள் தேவைப்படும். டைம்அவுட் வைத்ததன் பயனே போய்விடும். மேலும், நாம் காத்திருப்பதைக் கைவிட்டாலும் விலைச் சேவை பழைய கோரிக்கைக்கான வேலையைப் பெரும்பாலும் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே திணறும் சேவையிடம் அதே வேலையை இரண்டாவது முறை கொடுக்கிறோம். ஒன்றையொன்று அழைக்கும் மூன்று அடுக்குகளும் தலா மூன்று முறை மறுமுயற்சி செய்தால், அடியில் உள்ள தரவுத்தளத்தை ஒரே கோரிக்கை 4×4×4, அதாவது 64 முறை தாக்கக்கூடும். எனவே மறுமுயற்சியை ஓர் அடுக்கில் மட்டும், அதுவும் விரைவாகத் திரும்பும் தோல்விகளுக்கு மட்டும் வைப்பது நல்லது. `requests`-இன் அடியில் இயங்கும் `urllib3` நூலகத்தின் `Retry`-இல் அதை இப்படி எழுதி, `Session`-இல் `HTTPAdapter` வழியே இணைக்கலாம்:

```python
Retry(total=1, read=0, status_forcelist=[503],
      respect_retry_after_header=False)
```

`read=0` என்பதால் பதிலுக்குக் காத்திருந்து டைம்அவுட் ஆன அழைப்பு திரும்பச் செய்யப்படாது. கடைசி அளவுருவைப் பலரும் கவனிப்பதில்லை. 503 பதிலுடன் `Retry-After: 30` வந்தால், `urllib3` இயல்பாகவே அதற்குக் கீழ்ப்படிந்து அந்த த்ரெட்டை 30 நொடி தூங்கவைக்கும். பின்னணி வேலைகளுக்கு அது நல்ல நடத்தை. பயனர் காத்திருக்கும் கோரிக்கைக்குப் பொருந்தாது. பணம் செலுத்துவது போன்ற `POST` அழைப்புகளை, அவை சர்வரைச் சென்றடைந்திருக்கக்கூடும் என்றால், `urllib3` இயல்பாக மறுமுயற்சி செய்யாது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

டைம்அவுட் ஆனவற்றுக்கும் மறுமுயற்சி வேண்டும் என்றால் அதற்கு ஒரு மொத்த ஒதுக்கீடு வைக்க வேண்டும். பத்து அழைப்புகளுக்கு ஒரு மறுமுயற்சி என்று எண்ணிக்கையை நாமே எழுதிக் கட்டுப்படுத்தினால், 110-ஐ 0.3-ஆல் பெருக்க 33 த்ரெட்டுகள், 40-க்குள் அடங்குகிறது. இது சரியாக இயங்குகிறதா என்பதை அறிய, ஆர்டர் சேவைக்குள் வரும் கோரிக்கைகளையும் அங்கிருந்து விலைச் சேவைக்குச் செல்லும் அழைப்புகளையும் ஒரே வரைபடத்தில் இட்டுப் பாருங்கள். உள்ளே வருவது மாறாமலிருக்க, வெளியே செல்வது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், ஒதுக்கீட்டுக்குக் கட்டுப்படாத மறுமுயற்சி எங்கோ மிச்சமிருக்கிறது.