கோர்ஸ் முடிந்தது, என்.வி.கியூ எங்கே?

போன வருடம் ஒரு தம்பி ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிளிநொச்சிப் பக்கம். மின் வயரிங் பாடநெறியை முடித்தவன். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவுக்கு நேர்முகம் போய், உதவியாள் வேலைதான் கிடைத்ததாம். ஃபைலைத் திறந்து பார்த்தேன். 'பாடநெறியைப் பூர்த்தி செய்துள்ளார்' என்று நிறுவனம் கொடுத்த அழகான தாள் இருந்தது. என்.வி.கியூ சான்றிதழ் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒன்றல்ல. என்.வி.கியூ என்பது தேசிய தொழிற்தகைமை, மொத்தம் 7 மட்டம். 4ஆம் மட்டம் வரை கைத்தொழில் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தொழிற்சாலைக்காரர் தேடுவது பெரும்பாலும் 3ஐயும் 4ஐயும். 4 என்றால் மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்காமலே வேலையைச் செய்யக்கூடியவர் என்று பொருள். இதற்கு மேல் வரலாறு வேண்டாம்.

முதல் பொறி சேரும்போதே இருக்கிறது. "நாங்கள் அரசில் பதிவு செய்த நிறுவனம்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகும் அந்தப் பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருப்பது வேறு. பின்னது இல்லாவிட்டால் அந்தப் பாடநெறி வழியாக என்.வி.கியூ வராது. காசு கட்ட முன்னம் tvec.gov.lk தளத்தில் நிறுவனத்தின் பெயரோடு பாடநெறியின் பெயரையும் மட்டத்தையும் தேடிப் பாருங்கள். அலுவலகத்தில் கேட்பதானால் "பதிவு இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பாடநெறிக்கு எத்தனையாம் மட்டம்? அங்கீகாரம் எந்தத் திகதி வரை?" என்று கேளுங்கள்.

இரண்டாவது பொறியில்தான் அந்தத் தம்பி விழுந்தான். வகுப்பு முடிந்ததும் வேலைத்தளப் பயிற்சிக்குப் போக வேண்டும். அவனுக்கு அது ஆறு மாதம். நிறுவனம் "இடம் நீயே பார்" என்றது. மாசியில் வவுனியாவில் ஒரு மோட்டர் திருத்தும் கடையில் சேர்ந்துவிட்டான். ஒப்பந்தப் படிவத்தில் கடைக்காரர் ஒப்பமிட்டது சித்திரையில். ஆவணியில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனால், ஒப்பந்தத்துக்கு முந்திய இரண்டு மாதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. போதாததற்கு, அன்றாடக் குறிப்பேட்டில் 'மோட்டர் வேலை', 'மோட்டர் வேலை' என்றே பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். பாதிப் பக்கத்தில் கடைக்காரரின் ஒப்பமும் இல்லை. நிறுவனம் பயிற்சிப் பிரிவைக் கேள் என்றது, பயிற்சிப் பிரிவு நிறுவனத்தைக் கேள் என்றது. ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் கொடுத்த காசுதான் மிச்சம்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒப்பம் விழுந்த பிறகே வேலைக்குப் போங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையான நைட்டா மூலம் தொழில் பயிலுநராகச் சேர்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். தொழிற்சாலைக்குள் 'ட்ரெயினி' என்று கூப்பிடுவதால் நீங்கள் பதிவு பெற்ற பயிலுநர் ஆகிவிட மாட்டீர்கள். குறிப்பேட்டை அன்றன்றே எழுதி, கிழமைக்கு ஒருதரம் ஒப்பம் வாங்குங்கள். 'மூன்று பேஸ் மோட்டருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இணைத்தேன், ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழுந்தது, கரண்டை அளந்து பார்த்தேன், ஒரு பேஸ் இல்லை' என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு நீங்கள் செய்தது விளங்கும்.

மதிப்பீடு எழுத்துப் பரீட்சை மாதிரி அல்ல. செய்து காட்ட வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். சில அலகுகளில் தேறாவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தேறிய அலகுகளுக்கு அடைவுப் பதிவு தருவார்கள், மிச்சத்துக்குத் திரும்பத் தோற்றலாம். அலுவலகத்தில் இதை அவர்களாகச் சொல்வது குறைவு, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, தொழிற்சாலைக்காரர் என்ன பார்க்கிறார்? சான்றிதழில் மட்டத்தையும், பெயர் அடையாள அட்டையோடு ஒத்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார். முதலெழுத்து மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். பிறகு மல்டிமீட்டரைக் கையில் தருவார். மெயின் சுவிட்சை நிறுத்தி, மின் இல்லை என்று சோதித்த பிறகு கை வைக்கிறீர்களா என்று கவனிப்பார். அவசரத்தில் நேரே கை வைப்பவனை எடுக்க மாட்டார். வயரிங் படத்தை வாசிக்கச் சொல்வார். இரவு முறைக்கு வருவீர்களா என்றும், மேற்பார்வையாளர் சிங்களத்தில் சொன்னால் விளங்குமா என்றும் கேட்பார். அந்தத் தம்பியிடமும் கடைசிக் கேள்வியாக அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவன் அதே கடைக்குத் திரும்பப் போய், குறைந்த இரண்டு மாதத்தையும் முடித்தான். குறிப்பேட்டை இந்தமுறை ஒழுங்காக எழுதினான். மதிப்பீட்டுத் திகதிக்காகக் காத்திருக்கும்போதே சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டான். உதவியாளாக வேலை செய்த மாதங்களுக்கு அவன் சம்பளத்தில் 8 வீதம் வெட்டியிருந்தார்கள், முதலாளி பக்கம் 12 வீதம் கட்டியிருக்க வேண்டும். உறுப்பினர் இலக்கம் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த கிழமை அந்தச் சம்பளத் துண்டுகளோடு வரச் சொல்லியிருக்கிறேன்.