குவாரண்டைன்: நாற்பது நாள் சொல்லும் முப்பது நாள் சட்டமும்

கொரோனா காலத்தில் “14 நாள் குவாரண்டைன்” என்று நாம் எல்லோரும் சொன்னோம். சொல்லின் வேரைப் பார்த்தால் அது “14 நாள் நாற்பது நாள்” என்று ஆகிறது. நாள் கணக்கு எத்தனையோ முறை மாறியும் நாற்பது மட்டும் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இத்தாலிய மொழியில் நாற்பது என்பதற்குக் ‘குவரான்தா’ என்று பெயர். இலத்தீனின் ‘குவாத்ராகின்தா’ தேய்ந்து வந்த வடிவம் அது. இத்தாலியத்தில் எண்ணோடு ‘ஏனா’ என்ற விகுதி சேர்ந்தால் அத்தனை கொண்ட ஒரு தொகுதி என்று பொருள்படும். ஒன்பது நாள் தொடர்ந்து செய்யும் ஜெபத்துக்கு ‘நொவேனா’ என்று பெயர் வந்தது அப்படித்தான். தமிழ்நாட்டு மாதா கோயில்களில் அந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. அதே முறையில் நாற்பது நாள் தொகுதி, வெனிஸ் நகரத்துப் பேச்சில் ‘குவரந்தேனா’ ஆயிற்று. நாம் “ஒரு மண்டலம் மருந்து சாப்பிடு” என்று சொல்லும்போது நாள்களின் தொகுப்புக்கே ஒரு பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா, அதுபோல. பிரெஞ்சில் இன்றும் ‘காரந்தேன்’ என்றால் “ஏறக்குறைய நாற்பது” என்ற பொருளும் உண்டு, நோய்த்தடைக் காவல் என்ற பொருளும் உண்டு.

ஆனால் வழியில் வந்தவர்களைக் காத்திருக்கச் சொன்ன பழைய சட்டம் நாற்பதைச் சொல்லவில்லை. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் ரகூசா என்ற வணிக நகரம் இருந்தது. இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக் அதுதான். கொள்ளைநோயான பிளேக் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்த காலம். 1377 ஜூலை 27 அன்று அந்நகரின் பெருமன்றம் ஒரு விதி இயற்றியது: நோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர் முதலில் மர்க்கான் என்ற சிறு தீவிலோ, சவ்தாத் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்க வேண்டும், அதற்குமுன் ரகூசாவுக்குள் கால் வைக்கக் கூடாது. உள்ளூர்க்காரர் யாராவது அவர்களைப் பார்க்கப் போனால், அவரும் அங்கேயே ஒரு மாதம் இருக்க வேண்டும். மீறினால் தண்டம். அந்த முப்பது நாளுக்கு ‘த்ரெந்தினோ’ என்று பெயர். ‘த்ரெந்தா’ என்றால் முப்பது.

இந்த விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. நோயாளியை ஊருக்கு வெளியே தள்ளும் வழக்கம் அதற்கு முன்பே எங்கும் இருந்தது. ரகூசா நிறுத்திவைத்ததோ நோய்க்குறி எதுவுமே இல்லாதவரை. நோய் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கக்கூடும், காத்திருந்தால் அது தன்னைக் காட்டிவிடும் என்பதே அதன் அடிப்படை. வணிகத்தையும் முற்றாக மூடிவிடவில்லை, தாமதப்படுத்தியது, அவ்வளவுதான்.

முப்பது எப்படி நாற்பதானது? அந்தக் காலத்து மனத்தில் நாற்பதுக்கு இரண்டு பக்கத்திலிருந்து வலு இருந்தது. ஒன்று சமயம்: நோவா காலத்து மழை நாற்பது நாள், இயேசுவின் வனாந்தர நோன்பு நாற்பது நாள். தவக்காலத்துக்கு இத்தாலியில் வழங்கும் ‘குவரேசிமா’ என்ற பெயரும் இதே எண்ணிலிருந்து பிறந்ததுதான். மற்றொன்று மருத்துவம்: கடும் நோய் எதுவானாலும் நாற்பது நாளுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடும், அதைத் தாண்டினால் அது நாட்பட்ட நோய் என்பது ஹிப்பாகிரட்டீஸ் வழி வந்த கொள்கை. கிருமி என்ற கருத்தே இல்லாத காலத்தில் இந்த இரண்டும் சேர்ந்து போதுமான அளவுகோலாக இருந்தன.

வெனிஸ் இதை ஒரு நிர்வாக ஏற்பாடாகவே வளர்த்தது. 1423-இல் நாசரேத்து மாதா கோயில் இருந்த தீவில் நோயாளிகளுக்கான மருத்துவமனையை அமைத்தது. 1468-இல் சந்தேகத்துக்குரிய கப்பல்களுக்கும் சரக்குக்கும் என்று வேறொரு தீவை ஒதுக்கியது. நோயுற்றவருக்கு ஓரிடம், நோய் வரக்கூடும் என்று ஐயுறப்படுபவருக்கு வேறிடம். ‘நாசரேத்து’ என்ற பெயர் தொழுநோயாளரின் காவலர் லாசருவின் பெயரோடு கலந்து, இத்தகைய இடங்களுக்கு ‘லாசரெத்தோ’ என்ற பெயர் நிலைத்தது.

அங்கே காத்திருப்பு என்பது சும்மா உட்கார்ந்திருப்பதன்று. கம்பளி, பஞ்சுப் பொதிகளைப் பிரித்து, கூலியாட்கள் நாள்தோறும் கைவிட்டுப் புரட்டிக் காற்றாட வைத்தார்கள். மூலிகைப் புகை போட்டார்கள். கடிதங்களைக் காடியில் நனைத்தோ புகை காட்டியோதான் வெளியே அனுப்பினார்கள். இடையில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அதுவரை கழிந்த நாள் கணக்கில் சேராது. மறுபடி முதல் நாள்.

இன்றைய அறிவின்படி, பிளேக் தொற்றியவருக்கு ஏழு நாளுக்குள் நோய் தெரிந்துவிடும். ஆகவே மனிதரைப் பொறுத்தவரை நாற்பது நாள் தேவைக்கு மிக அதிகம். சரக்கு வேறு கதை. நோயைக் கடத்துவது எலியும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியும்; துணிப்பொதிக்குள் அது பல நாள் தாங்கும். ஆளை நிறுத்திவிட்டுப் பொதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் மார்செய் துறைமுகமே சான்று. 1720 மே 25 அன்று ‘கிரான் சேன் அந்துவான்’ என்ற கப்பல் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து பட்டும் பஞ்சும் ஏற்றி அங்கே வந்தது. வழியிலேயே கப்பலில் பலர் இறந்திருந்தார்கள். முறைப்படி முழுச் சரக்கும் ஊரைவிட்டு விலகிய தீவில் இருந்திருக்க வேண்டும். ஆனால் சந்தைப் பருவம் நெருங்கியது. சரக்கில் நகரின் பெரிய மனிதர்களுக்கே பங்கிருந்தது. விலைமதிப்புள்ள பொதிகள் நகரை ஒட்டிய காப்பிடத்தில் இறக்கப்பட்டன. முதலில் மாண்டவர்களில் பொதி தூக்கியவர்களும் இருந்தார்கள். ஜூன் மாதமே நோய் ஊருக்குள் வந்தது. மார்செயும் சுற்றியிருந்த புரோவான்ஸ் பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு லட்சம் உயிர்களை இழந்தன.

இனித் தமிழுக்கு வருவோம். ‘தனிமைப்படுத்தல்’ என்பதே பரவலாக வழங்குகிறது. அதில் எனக்கு உள்ள குறை, அது இரண்டு வேறு செயல்களை ஒன்றாக்கிவிடுகிறது. நோயுற்றவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது ஒன்று. நலமாக இருப்பவரை, நோய் வெளிப்படக்கூடிய காலம் முடியும்வரை நிறுத்திவைப்பது மற்றொன்று. முதலாவதற்குத் ‘தனிமைப்படுத்தல்’ மிகப் பொருத்தம். இரண்டாவதில் தனிமையே இல்லாமலும் போகலாம்: ஒரு கப்பலில் இருநூறு பேர் கூட்டமாகவே காத்திருப்பார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் தொழிலாளர்களை மண்டபத்தில் நிறுத்திச் சோதித்ததும் கூட்டமாகத்தான். அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் ‘மண்டபம் கேம்ப்’.

‘ஒதுக்கிவைத்தல்’ என்று சொல்லலாமே என்பார்கள். சாதியின் பெயரால் ஊரார் ஒதுக்கிவைத்த கொடுமை அந்தச் சொல்லில் படிந்திருக்கிறது. நோய்க்கு அஞ்சிக் காத்திருப்பவர்மேல் அதைச் சுமத்துவது சரியன்று. ‘தடுத்துவைத்தல்’ என்றால் காவல் நிலைய வாடை அடிக்கிறது.

நான் பரிந்துரைப்பது ‘தொற்றுக்காப்பு’. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும்வரை ஊர்க்காரர் வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். காவல், எல்லை, குறித்த நாள் வரையான கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ‘காப்பு’ என்ற சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன. “பயணிகளைத் தொற்றுக்காப்பில் வைத்தார்கள், இருவருக்குக் காய்ச்சல் கண்டதும் அவர்களை மட்டும் தனிமைப்படுத்தினார்கள்” என்று எழுதினால் வேறுபாடு தானே விளங்கிவிடும். இறக்குமதி விதை, நாற்று, கால்நடை ஆகியவற்றுக்கும் இதே சொல் பொருந்தும். ஒரு மூட்டை விதையைத் ‘தனிமைப்படுத்தினார்கள்’ என்று எழுதும் சங்கடம் இராது.