வாடகை நகைக்குக் கட்டும் முன்பணம் காப்பீடு ஆகாது

முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் வாடகை நகைத் தகராறோடு யாராவது என் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறார்கள். நுகர்வோர் வழக்குகளை நடத்தும் எனக்கு அந்தத் தகராறுகளைவிட அவர்கள் சொல்லும் ஒரு வாசகம்தான் அதிகம் எரிச்சலூட்டுகிறது. "முன்பணம்தான் கட்டியிருக்கிறோமே மேடம், அதற்கு மேல் எப்படிக் கேட்பார்கள்?" கேட்பார்கள். கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

முன்பணம் என்பது கடைக்காரர் தன் கையில் வைத்துக்கொள்ளும் பிடிமானம். உங்கள் பொறுப்பின் உச்சவரம்பு அது இல்லை. அப்படி ஒரு வரம்பு வேண்டுமென்றால் தாளில் எழுதி வாங்க வேண்டும். பில்லில் "இன்சூரன்ஸ் 500" என்று ஒரு வரி இருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பாலிசி எண் எங்கே, காப்பீட்டு நிறுவனம் எது, யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். நகைக்கடைகள் எடுக்கும் பாலிசி கடையின் சரக்குக்கானது. வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த நகை களவு போனால் அதில் பெரும்பாலும் விலக்கு இருக்கும். ஒருவேளை கடைக்கு இழப்பீடு கிடைத்தாலும், அந்தத் தொகையை உங்களிடம் திரும்பக் கேட்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே தயவுசெய்து கடையின் காப்பீட்டை உங்கள் காப்பீடாக எண்ணாதீர்கள்.

அண்மையில் வந்த குடும்பம் வரவேற்புக்கு மட்டும் வெள்ளியில் முலாம் பூசிய கெம்புக்கல் செட் எடுத்திருந்தது. ஆரம், அட்டிகை, ஜிமிக்கி, வங்கி, ஒட்டியாணம் எல்லாம் அதில் அடக்கம். மூன்று நாளுக்கு வாடகை 9,000 ரூபாய், முன்பணம் 25,000 ரூபாய். மண்டபத்தில் ஒரு வங்கி தொலைந்துபோனது. கடை முன்பணத்தைத் தராமல் மேலும் 60,000 ரூபாய் கேட்டது. "ஒரு நகை தொலைந்தாலும் செட்டின் முழு விலை 85,000" என்ற வரியின் கீழ் மணப்பெண்ணின் அண்ணன் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தார்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152-ஆம் பிரிவுகளின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் நீங்கள் கவனமாகக் காத்திருந்தால் பொருள் தொலைந்தாலும் நீங்கள் பொறுப்பாளி அல்ல. ஆனால் தனி ஒப்பந்தம் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அண்ணன் போட்ட கையெழுத்து அதைத்தான் செய்தது. எங்களுக்குக் கைகொடுத்தது 74-ஆம் பிரிவு. எழுதப்பட்ட தொகை எதுவானாலும், நியாயமான இழப்பீடு மட்டுமே, அதுவும் அந்தத் தொகைக்குள்தான் கிடைக்கும் என்கிறது அது. ஒரு ஜோடி வங்கியைப் புதிதாகச் செய்ய என்ன ஆகும் என்று கேட்டு, 18,000 ரூபாயில் பேசி முடித்தோம். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியே விலை எழுதியிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது.

ஆக அவர்களுக்கு மொத்தச் செலவு 27,000 ரூபாய். அப்படியும் 85,000 கொடுத்து வாங்கி ஒருமுறை போட்டுவிட்டு, வெள்ளி எடைக்கு விற்பதைவிட இது குறைவு. தங்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஐந்து லட்ச ரூபாய்த் தங்கத்துக்குச் செய்கூலியும் சேதாரமும் 15 சதவீதம் என்றால் 75,000. மொத்தத்தின் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 17,250. தங்கத்தின் விலை அப்படியே இருந்தாலும், மறுநாளே விற்றால் இந்த 92,250 ரூபாயும் போனதுதான். மகளுக்குச் சேமிப்பாக வாங்குவது வேறு கணக்கு. ஒரே நாளுக்கு என்றால் வாடகைதான் லாபம். ஆனால் கவரிங் செட்டுக்கு, அதன் விற்பனை விலைக்கு நெருக்கமாக முன்பணம் கேட்கும் கடையில் எடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு வாங்கியே விடலாம்.

எடுக்கும்போது கல் விழுந்த இடம், முலாம் மங்கிய இடம், கொக்கி தளர்ந்த இடம் எல்லாம் தெரியக் கடைக்காரர் முன்னிலையிலேயே வீடியோ எடுங்கள். ஒரு கல்லுக்கு எவ்வளவு, மறுமுலாமுக்கு எவ்வளவு என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். சென்ட் அடித்து, கூந்தலுக்கு ஸ்பிரே அடித்து எல்லாம் காய்ந்த பிறகே நகையைப் பூட்டுங்கள். முலாம் கறுத்துப்போவதில் பாதி ஒப்பனை அறையில் நடக்கிறது. திருப்பித் தரும் நேரத்தைத் தாண்டவே தாண்டாதீர்கள். உங்கள் தவறால் தாமதமானால், அந்த நேரத்திலிருந்து நேரும் இழப்பு 161-ஆம் பிரிவின்படி உங்கள் தலையில்தான். திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிப் பார்த்து அங்கேயே ரசீது வாங்குங்கள். "நாளை பார்த்துச் சொல்கிறோம்" என்றால் நகரவே நகராதீர்கள்.

பணத்தை அநியாயமாகப் பிடித்துக்கொண்டால் முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிடுவதாக இருந்தால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இதைக் கவனிக்காமல் மாவட்டத்தில் மனுப் போட்டுத் திரும்பி வருபவர்கள் உண்டு.