பை விற்பனைப் பக்கத்தில் "லெதர்" என்று போடும் முன் கவனிக்க வேண்டியவை

ஆன்லைனில் வாங்கிய கைப்பைகளைப் பற்றி அடிக்கடி வரும் புகார் இது: "லெதர் என்று போட்டிருந்தது, ஒன்றரை வருடத்தில் மேல்பகுதி செதில் செதிலாக உரிகிறது." தோலில் கீறல் விழும், நிறம் மங்கும், எண்ணெய்ப் பசை போனால் வெடிக்கும், காற்றில்லாத அலமாரியில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அகலமான செதில்களாக உரிந்து வருவது, அநேகமாக மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம்தான். இப்படி விற்றவர்கள் பலருக்கு ஏமாற்றும் எண்ணம் இருப்பதில்லை. சப்ளையர் பில்லில் "லெதர் பேக்" என்று இருந்ததை அப்படியே தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். தவறு தொடங்குவது அங்கேதான்.

மாட்டுத் தோலும் எருமைத் தோலும் தடிமனானவை. அவற்றைத் தோல் பதனிடும் ஆலையில் இயந்திரத்தில் கொடுத்துக் கிடைமட்டமாகப் பிளப்பார்கள். மயிர்க்கால் உள்ள மேல் அடுக்குதான் கிரெய்ன். அதன் மேற்பரப்பைத் தேய்க்காமல் விட்டால் ஃபுல் கிரெய்ன். தழும்புகளைத் தேய்த்துச் சமன்செய்து பூச்சுக் கொடுத்தால் கரெக்டட் கிரெய்ன். கீழே மிஞ்சும் அடுக்கு ஸ்ப்ளிட். இதை ஸ்வேடாக விற்றால் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் அதன்மேல் பி.யூ. எனும் பாலியூரிதேன் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தோலின் வரிகளை அச்சாக அழுத்திவிட்டால், பார்வைக்கு ஃபுல் கிரெய்ன் போலவே இருக்கும். விற்பனைப் பக்கங்களில் அதிகம் மிகைப்படுத்தப்படுவது இந்தப் பொருள்தான், ஏனென்றால் வழக்கமான சோதனைகளில் இது தேறிவிடும். பின்பக்கம் பார்த்தால் உண்மையான தோல் நார். துண்டு ஒன்றை எரித்தால் மயிர் கருகும் வாசனை. "அசல் தோல்" என்று சொல்ல இது போதும் என்று பலர் நினைக்கிறார்கள்.

போதாது. வெட்டு விளிம்பைப் பாருங்கள். வார் துளை போட்ட இடமோ, பைக்குள் ஜிப் தையலுக்குப் பின்னால் மடிக்காமல் விட்ட ஓரமோ போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், ஃபுல் கிரெய்னில் நார் மேலே போகப் போக நெருங்கி மேற்பரப்போடு ஒன்றிவிடும். படலம் ஒட்டிய ஸ்ப்ளிட்டில் நாருக்கு மேல் ஒரே சீரான தனிக்கோடு தெரியும். அடுத்து, விரலால் உள்பக்கமாக மடித்துப் பாருங்கள். தோலில் பொடிச் சுருக்கங்கள் விழும். படலம் பெரிய மடிப்பாக மடியும். மயிர்க்கால் புள்ளிகள் ஒரே வடிவத்தில் சீரான இடைவெளிக்கு ஒருமுறை திரும்பி வந்தால் அது அச்சு. அதே நேரம், கரெக்டட் கிரெய்னுக்கும் அச்சு கொடுப்பதுண்டு என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

காலணிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய விதி இதற்கு ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. மேல்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதை வெறுமனே தோல் என்று சொல்லக்கூடாது, பூச்சுத் தோல் என்றே சொல்ல வேண்டும். பைகளுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், விற்பனைப் பக்கத்தில் "பி.யூ. படலம் பூசிய ஸ்ப்ளிட் தோல்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

பாண்டட் லெதர் என்பது தோல் வெட்டும்போது விழும் கழிவை நாராக அரைத்து, பசை சேர்த்துத் தாளாக்கியது. அதில் தோல் இருந்தாலும் அது தோல் அல்ல. அமெரிக்க வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, அந்தப் பெயரைப் பயன்படுத்தினால் தோல் நார் எத்தனை சதவீதம் என்பதையும் சொல்ல வேண்டும். சதவீதம் சொல்ல முடியாத சப்ளையரிடம் வாங்கியிருந்தால் "தோல்" என்ற சொல்லே பக்கத்தில் வர வேண்டாம்.

துணிமேல் பூசிய பி.யூ.வும், நாம் ரெக்ஸின் என்று அழைக்கும் பி.வி.சி.யும் முழுக்கச் செயற்கை. இரண்டும் கெடும் விதம் வேறு. பி.யூ. பூச்சைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. பயன்படுத்தாமல் பீரோவில் வைத்த பையும் சென்னை போன்ற கடற்கரை ஊரில் சில வருடங்களில் பிசுபிசுத்து உரியலாம். பி.வி.சி.யில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் மெதுவாக வெளியேற, அது விறைத்து மடிப்பில் கீறும். ஆகவே "செயற்கை லெதர்" என்று நிறுத்தாமல், இரண்டில் எது என்பதையும் எழுதுங்கள். "வீகன் லெதர்" என்று போட்டாலும் அதே வரியில் பி.யூ. என்பது வர வேண்டும். வாங்குபவருக்கு உதவுவது அந்தச் சொல்தான்.

துணிக்கு எண் உண்டு. 600 டெனியர் பாலியஸ்டர் என்றால் 9,000 மீட்டர் நூல் 600 கிராம் எடை. நூலின் தடிமனைச் சொல்கிறதே தவிரத் துணியின் தரத்தை அல்ல. கேன்வாஸுக்குச் சதுர மீட்டர் எடை சொல்வது தெளிவு. 12 அவுன்ஸ் கேன்வாஸ் என்பது சதுர கெஜத்துக்கான எடை, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம். பின்பக்கம் பூச்சு இருந்தால் "தூறல் தாங்கும்" என்று எழுதலாம். "வாட்டர்ப்ரூஃப்" என்பது வேறு விஷயம்: தையல் ஓட்டையிலும் ஜிப்பிலும் தண்ணீர் இறங்கும்.

இப்போது ஒரு பையை எடுத்துக்கொள்வோம். உடல் பழுப்புக் கேன்வாஸ், மூடியும் அடிப்பாகமும் பி.யூ. படலம் ஒட்டிய ஸ்ப்ளிட், கைப்பிடி எருமைத் தோல், உள்துணி பாலியஸ்டர். சப்ளையர் வைத்த பெயர் "கேன்வாஸ் லெதர் லேப்டாப் பேக்". பரப்பில் பெரும்பகுதி கேன்வாஸ், ஆனால் படத்தில் கண் போவது மூடியின் மேல், தலைப்பில் "லெதர்" என்று இருந்தால் அதையே அசல் தோல் என்று நினைப்பார்கள். அதனால் தலைப்பு "கேன்வாஸ் லேப்டாப் பை, தோல் கைப்பிடியுடன்" என்று இருக்கட்டும். "மெட்டீரியல்" கட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கேன்வாஸ். விவரத்தில் இப்படி:

"உடல்: பருத்திக் கேன்வாஸ், சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிராம். மூடி, அடிப்பாகம்: பி.யூ. படலம் பூசிய ஸ்ப்ளிட் தோல். கைப்பிடி: எருமைத் தோல், ஃபுல் கிரெய்ன். உள்துணி: பாலியஸ்டர். மூடியின் படலம் நாளடைவில் மடிப்பில் உரியக்கூடும். ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்."

கடைசி வரி விற்பனையைக் கெடுக்கும் என்று தயங்குவார்கள். ஆனால் 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். சொன்ன தன்மை இல்லாத பொருளை வாங்கியவர் திருப்பித் தந்தால் விற்பவர் மறுக்க முடியாது. ரிட்டர்ன் கூரியர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த ஒரு வரி லாபம்தான். மூடியின் வெட்டு விளிம்பையும் கைப்பிடியின் பின்பக்கத்தையும் கிட்டத்தில் எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்துவிடுங்கள்.

சப்ளையர்கள் லாட்டுக்கு லாட் பொருளை மாற்றுவது சகஜம். போன முறை எருமைத் தோல் கைப்பிடி, இந்த முறை அதே நிறத்தில் பி.யூ. வந்திருக்கலாம். ஒவ்வொரு லாட்டோடும் ஒவ்வொரு பொருளிலும் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, தேதியும் பில் எண்ணும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துண்டு மாறினால், புதிய லாட்டை அனுப்பத் தொடங்கும் முன் விவரத்தையும் மாற்றுங்கள்.