99.9 சதவீதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

பத்தமடையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் குடும்பம் கோரைப்பாய் நெய்கிறது. மணமக்கள் பெயர் போட்டு நெய்யும் பட்டுப்பாய்க்கு இணையதளம் வழியாகத்தான் பாதி ஆர்டர் வருகிறதாம். தை முகூர்த்தங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை தளம் ஆறு மணி நேரம் திறக்கவே இல்லை. தளத்தைத் தன் சர்வரில் வைத்து ஓட்டும் ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், “99.9 சதவீதம் அப்டைம், அதாவது அவ்வளவு நேரம் தளம் ஓடும் என்று சொன்னோம், அதை மீறவில்லையே” என்கிறார்கள். “இந்தக் கணக்கு சரிதானா?” என்று கேட்கிறார்.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 சதவீதம் 8.76 மணி, அதாவது 8 மணி 45 நிமிடம் 36 வினாடி. ஆண்டு முழுவதும் அவ்வளவு நேரம் தளம் நின்றாலும் வாக்கு தப்பவில்லை. அதைத் தினம் ஒன்றரை நிமிடமாகச் சிந்தினாலும் ஒன்றுதான், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொட்டினாலும் ஒன்றுதான். வேறு நாளில் தளம் நிற்கவில்லை என்றால் அந்த ஆண்டின் கணக்கு 99.93 சதவீதம். நிறுவனம் சொல்வது சரி.

ஆனால் ஒப்பந்தத்தில் கணக்கு மாதத்துக்கு என்று இருந்தால் கதையே மாறிவிடும். 30 நாள் மாதத்தில் 0.1 சதவீதம் வெறும் 43 நிமிடம். ஆறு மணி நேரம் நின்ற மாதத்துக்கு 99.17 சதவீதம்தான் வரும், நிறுவனம் வாக்குத் தவறியதாகிவிடும். ஆகவே அந்தத் தாளில் முதலில் தேட வேண்டியது சதவீதத்தை அல்ல, அது எந்தக் காலத்துக்கு என்பதை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யும் பராமரிப்பு நேரத்தைக் கழித்துவிடுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும், பலர் கழிக்கிறார்கள். சீசன் வியாபாரம் செய்பவர்கள் மாதக் கணக்கைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, வாசகர் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பாய் விற்க வேண்டுமானால் தளம் இருக்கும் சர்வர் மட்டும் ஓடினால் போதாது. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வேலை செய்ய வேண்டும், பணம் வாங்கும் பேமென்ட் கேட்வேயும் வேலை செய்ய வேண்டும். மூன்றும் தனித்தனியே 99.9 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும் வாய்ப்பு 0.999-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும்: 0.997003. நிற்கும் நேரம் ஆண்டுக்கு 26 மணி 15 நிமிடம்! யாரும் வாக்குத் தவறவில்லை, ஆனாலும் கடை ஒரு நாளுக்கு மேல் மூடிக் கிடக்கும்.

8.76-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள். 26.28 மணி வருகிறது, மேலே சொன்னதைவிட ஒன்றரை நிமிடம் கூடுதல். அந்த ஒன்றரை நிமிடம் எங்கே போனது? இரண்டு ஒன்றாகப் படுத்துவிடும் தருணங்களை நாம் இரண்டு முறை எண்ணிவிட்டோம். குறிப்பிட்ட இரண்டு மட்டும் சேர்ந்து நிற்கும் வாய்ப்பு 0.001 பெருக்கல் 0.001, பத்து லட்சத்தில் ஒன்று, ஆண்டுக்கு 31.5 வினாடி. மூன்றில் இப்படி மூன்று ஜோடிகள், ஆக ஒன்றரை நிமிடம்.

இந்தச் சின்னஞ்சிறு 31.5 வினாடியில்தான் தீர்வும் இருக்கிறது. ஒரே தளத்தை இரண்டு சர்வர்களில் வைத்து, ஒன்று நின்றால் மற்றது உடனே ஏற்கும்படி செய்தால், இரண்டும் சேர்ந்து நிற்கும்போது மட்டும்தான் தளம் நிற்கும். எட்டே முக்கால் மணி நேரம் அரை நிமிடமாகச் சுருங்கிவிடும்.

ஆனால் ஒன்றின் கோளாறுக்கும் மற்றதன் கோளாறுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் பெருக்கினோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். என் வீட்டில் இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் வைத்திருந்தோம், ஒன்று போனால் ஒன்று என்று. வட்டாரம் முழுக்கக் கரண்ட் போனதும் இரண்டு சிம்மிலும் ஒரே ராத்திரியில் சிக்னல் போனது. இரண்டு சர்வரும் ஒரே அறையில், ஒரே மின்சாரத்தில் இருந்தால் அதே நிலைமைதான். அங்கே பத்து லட்சத்தில் ஒன்று என்ற எண் செல்லாது. கரண்ட் எவ்வளவு நேரம் போகிறதோ அதுதான் கணக்கு.

பத்தமடை அன்பர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, இரண்டாவது சர்வர் இருக்கிறதா என்பதோடு, அது எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேட்கட்டும்.