பாலாற்றுப் பாட்டுக்குள் 'கிள்ளாதே' எப்படி வந்தது?

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் எழுதப்படும் விழிப்புணர்வுப் பாட்டுகளைத் திருத்துகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் வடிவம் ஒன்று உண்டு. கீழே இருப்பது அந்த வகையைக் காட்டுவதற்காகவே எழுதிய மாதிரி.

பாலாற்று மணலை அள்ளாதே
பாவத்தின் பங்கைக் கொள்ளாதே
ஊற்று நீரைத் தள்ளாதே
ஊரின் பேரைக் கிள்ளாதே

காதுக்குக் குறையில்லை. நாலு அடியும் ஒரே மாதிரி முடிகிறது. இதைத்தான் யாப்பில் இயைபு என்கிறோம். ஆனால் பொருளை அடி அடியாகப் பாருங்கள். முதலடி சொல்ல வந்ததைச் சொல்கிறது. இரண்டாவது சுமாராக நிற்கிறது. மூன்றாவதில், ஊற்று நீரை யார் தள்ளுகிறார்கள்? ஊற்று தெரிந்தால் பாலாற்றங்கரையில் குடத்தோடு ஓடித்தான் வருவார்கள். நாலாவதில் ஊரின் பேரைக் கிள்ளுவது என்றால் என்ன என்று எழுதியவரையே கேட்டாலும் பதில் வராது. பேரைக் கெடுக்கலாம், கிள்ள முடியாது. 'அள்ளாதே' வந்துவிட்டதால் 'தள்ளாதே' வந்தது, அதற்கு ஜோடியாகக் 'கிள்ளாதே' வந்தது. கடைசி இரண்டு அடியையும் எழுதியது கவிஞர் அல்ல, 'ள்ளாதே' என்ற ஓசை.

இன்னொரு சேதம் இதைவிடப் பெரியது, சட்டென்று கண்ணில் படாதது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். யார், எப்போது, கட்டளையா செய்தியா என்பதெல்லாம் அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. அதனால் அடியின் இறுதியை ஓசையால் பூட்டினால், இலக்கணமும் சேர்ந்தே பூட்டிக்கொள்கிறது. முதலடி '-ஆதே' என்று முடிந்த நொடியிலேயே மற்ற மூன்றடியும் 'செய்யாதே' என்று யாரையோ அதட்டும் வாக்கியங்களாகத்தான் இருக்க முடியும். மணல் போனதால் என்ன ஆனது என்று சொல்ல இடமே இல்லை. அதட்டப்படுகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர். அவர்கள் யாரும் மணல் அள்ளியவர்கள் இல்லை.

ஆங்கிலத்தில் முழு ரைம் என்பது அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து சொல்லின் முடிவுவரை ஒத்து ஒலிப்பது. அங்கே அதற்குத் தேடிப்பிடிக்க வேண்டும். தமிழில் 'வந்தான், நின்றான்' என்று விகுதி ஒத்தாலே காதில் இயைபு போலக் கேட்டுவிடுகிறது, உழைப்பே வேண்டாம். சுலபமாகக் கிடைப்பதால் சுவையும் குறைவு. நம் மரபு எதுகையை அடியின் தலையில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சொல்லின் வேர் தலைப்பகுதியில் இருக்கிறது, விகுதி வாலில் இருக்கிறது. தலையில் ஒத்தால் இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று மோதும். வாலில் ஒத்தால் பல சமயம் இரண்டு விகுதிகள்தான் மோதும்.

சரி, இதே பாட்டை எப்படி மீட்பது?

முதலில் ஓசையை மறந்துவிட்டு, சொல்ல வந்ததை நாலு வரி உரைநடையில் எழுத வேண்டும். ஆற்று மணல்தான் மழைநீரைப் பிடித்து வைக்கிறது. மணல் லாரியில் போய்விட்டது. கரையோரக் கிணறு இறங்கிவிட்டது. ஆற்று நடுவில் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஊரில் இப்போது சேறுதான் வருகிறது. அவ்வளவுதான் செய்தி. இதில் மாற்றவே கூடாத சொற்களின் கீழ் கோடு போடுங்கள்: மணல், கிணறு, ஆறு, ஊற்று, சேறு.

அடுத்து, வேறு சொல் தேடப் போகும் முன், கோடு போட்ட சொற்களையே ஒன்றுக்கொன்று ஒட்டிப் பாருங்கள். எதுகைக்கு விதி இரண்டு. இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். முதல் எழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து நிற்க வேண்டும். ம-ண-ல், கி-ண-று: இரண்டிலும் முதலெழுத்து குறில், இரண்டாவது ண. பாட்டின் இரண்டு முக்கியமான சொற்கள் தாமாகவே எதுகை. ஆற்று, ஊற்று: நெடில், பிறகு ற். பேச்சு வழக்கில் ஆத்து, ஊத்து என்றானாலும் ஒற்றுமை குலையவில்லை. இந்த ஜோடிகளுக்கு வெளியிலிருந்து ஒரு சொல்லும் கடன் வாங்க வேண்டியதில்லை.

மணலை அள்ளி லாரி போச்சு
கிணத்து வாளி அடியில் தட்டுது
ஆத்து நடுவே ஊத்து தோண்டி
நேத்துக் குடிச்சோம் இன்னிக்குச் சேறு

அடிக்கு நாலு சீர். முதல் இரண்டடியும் 'மண-கிண' என்று தலையில் ஒன்றுகின்றன, அடுத்த இரண்டடி 'ஆத்து-நேத்து' என்று. மூன்றாமடிக்குள்ளேயே முதல் சீரும் மூன்றாம் சீரும், 'ஆத்து-ஊத்து', ஒத்து வருகின்றன. அடிக்குள் இப்படி ஒன்றாம் மூன்றாம் சீர்கள் ஒத்தால் அது பொழிப்பு எதுகை. ஆங்கிலக்காரர்கள் உள் ரைம் என்பதற்கு நம்மிடம் சீர்க் கணக்கோடு பெயரே இருக்கிறது: ஒன்று-இரண்டு ஒத்தால் இணை, ஒன்று-நான்கு ஒத்தால் ஒரூஉ. இந்த உள் ஒப்பின் பெரிய வசதி, அடியின் முடிவைச் சுதந்திரமாக விட்டுவிடுவதுதான். போச்சு, தட்டுது, தோண்டி, சேறு: நாலும் நாலு விதமாக முடிகின்றன. அதனால் செய்தி நகர முடிகிறது.

இதில் ஒரு சொல்லைச் சந்தேகப்பட வேண்டும்: 'நேத்து'. அது எதுகைக்காக வந்ததுதான். நேற்றுவரை ஊற்று இருந்து இன்று வற்றியது என்று நேராக எடுத்தால் பொய். ஆனால் 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு' என்று நாம் அண்மைக் காலத்தைச் சொல்வது வழக்கம். பக்கத்திலேயே 'இன்னிக்கு' இருப்பதால் அந்தப் பொருள்தான் காதில் விழும். ஓசை கூட்டி வந்த சொல் எல்லாமே குற்றமில்லை. வந்த பிறகு அதற்கு வாக்கியத்தில் வேலை இருக்கிறதா என்பதே கேள்வி.

வேலை இல்லாத சொல்லுக்கு உதாரணம் வேண்டுமானால், மணலுக்கு இயைபாகப் பலர் கொண்டுவரும் 'புனல்'. செய்யுளில் புனல் என்றால் நீர். ஆனால் ரேஷன் மண்ணெண்ணெயைக் கேனில் ஊற்ற வைத்ததும் புனல்தான். 'லாரி', 'போச்சு' என்று ஓடும் பாட்டில் திடீரென்று 'புனல்' வந்தால் கேட்கிறவர் மனதில் பிளாஸ்டிக் புனல்தான் தெரியும். பேச்சு நடையில் தொடங்கிய பாட்டுக்குள் செய்யுட்சொல் தலைகாட்டினால், பெரும்பாலும் ஓசைத் தட்டுப்பாடுதான் காரணம். அடி கடைசியில் ஒட்டும் 'தானே', 'அன்றோ', 'என்றுமே' போன்றவையும் அதே தட்டுப்பாட்டின் அடையாளம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'வெற்றெனத் தொடுத்தல்', 'சென்று தேய்ந்து இறுதல்' என்று இரண்டு உண்டு. 'அள்ளாதே'யில் தொடங்கிக் 'கிள்ளாதே'யில் முடியும் பாட்டு இரண்டாவதற்குச் சரியான சான்று.

கண்ணீர் அஞ்சலி பேனர்களில் இதே கோளாறு மரியாதையில் போய் இடிக்கும். '-ஆய்' விகுதி குட்டையானது, கைக்கு உடனே கிடைப்பது. அதனால் எண்பது வயதுப் பெரியவருக்கு 'மறைந்தாய், நெஞ்சில் நிறைந்தாய்' என்று எழுதிவிட்டு, கீழே 'தங்கள் பிரிவால் வாடும்' என்று போடுகிறார்கள். பாட்டில் இறந்தவரை 'நீ' என்று அழைப்பது மரபுக்கு விரோதமில்லை. ஒரே பேனரில் நீயும் தாங்களும் கலப்பதுதான் உறுத்துகிறது. 'நீ' என்றால் கடைசிவரை 'உன் பிரிவால்' என்றே போக வேண்டும். அதற்கு வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள் என்றால் 'ஆய்' இயைபை விட்டுவிட வேண்டும்.

முழு எதுகை கிடைக்காத இடத்தில் அரைகுறை ஒப்புக்குப் போகலாம். அதைக் கூச்சத்தோடு செய்ய வேண்டியதில்லை, மரபே வழி விட்டிருக்கிறது. 'வேலூர்', 'பாலாறு' இரண்டிலும் இரண்டாம் எழுத்து லகரம், உயிர் மட்டும் வேறு: லூ, லா. இது வருக்க எதுகை. தோல் தொழிலைப் பற்றி எழுதினால் 'தோலை', 'வேலை', 'காலை', 'நாலு' என்று இந்த வரிசை நீண்டுகொண்டே போகும். மெய்யே மாறினாலும் இனம் மாறாவிட்டால் இன எதுகை. குறளில் 'அன்பீனும்' என்று தொடங்கும் அடிக்கு அடுத்தது 'நண்பென்னும்' என்று தொடங்குகிறது. ன், ண் இரண்டும் மெல்லினம். 'தக்கார்' என்பதற்கு 'எச்சத்தால்' வருவது வல்லின எதுகை. ஆம்பூரில் தொடங்கும் அடிக்கு முழு எதுகை வேண்டும் என்றால் வேம்பு, பாம்பு, சாம்பல் என்று சிலதான் எளிதாகக் கிடைக்கும். பாட்டில் இல்லாத பாம்பை அதற்காகக் கூட்டி வருவதைவிட 'தோண்டி', 'ஏந்தி' என்று மெல்லினத்துக்குப் போவது நேர்மையானது.

இங்கே தளர்த்தக் கூடாதது அளவு. 'கட்டு', 'பாட்டு' இரண்டிலும் இரண்டாம் எழுத்து ட்தான், ஆனாலும் தாளத்தில் இடறும், ஏனென்றால் ஒன்று குறிலில் தொடங்குகிறது, மற்றது நெடிலில். 'கட்டு', 'பத்து' என்றால் எழுத்து மாறியிருந்தும் காது ஏற்றுக்கொள்கிறது. மெய்யைத் தளர்த்தலாம், அளவைத் தளர்த்தினால் பாடுகிறவர் இழுத்தோ குறுக்கியோ சரிசெய்ய வேண்டி வரும்.

அடியின் இறுதியில் அரைகுறை ஒப்பை வைப்பதானால் முதல் இரண்டடியிலேயே வைத்துவிட வேண்டும். ஆறடி கச்சிதமாக முடிந்து ஏழாவது மட்டும் சற்று விலகினால், கேட்பவர் அதைத் தவறு என்றே நினைப்பார்.

இந்தப் பக்கப் பேச்சில் ழகரம் பலர் வாயில் ளகரத்தை ஒட்டிவிடுவதால் 'ஏழை-வேளை' மேடையில் முழு எதுகையாகவே கேட்கும். இரண்டும் இடையினம் என்பதால் இலக்கணமும் தடுக்கவில்லை. 'ஆறு-பேரு' அப்படியல்ல. ற வல்லினம், ர இடையினம். காது ஏற்றாலும் அச்சில் பார்க்கும் தமிழாசிரியர் வட்டம் போடுவார். பாட்டு பாடப்படப் போகிறதா, நோட்டீஸில் படிக்கப்படப் போகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் இந்தத் தகராறு வராது.

கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டிய கோஷத்துக்கும் பல்லவிக்கும் இயைபு தேவைதான். அடுத்த சொல்லைக் கூட்டம் முன்கூட்டியே பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. ஆனால் அதற்கு இரண்டடி போதும். மேலே திருத்திய பாட்டில் 'மணலைக் காப்போம், கிணற்றை மீட்போம்' என்பதைப் பல்லவியாக வைத்துக்கொள்ளலாம். தலையில் எதுகையும் வாலில் இயைபும் அதிலேயே வந்துவிடுகின்றன, இரண்டு வினையும் நிஜமான வினைகள். சரணத்தின் நாலாமடியை மட்டும் அதே வேகத்தில் ஓட்டிவிடக் கூடாது. 'இன்னிக்குச்' என்றதும் தப்பு மேளம் ஒரு தட்டு நிற்க வேண்டும், பிறகு 'சேறு'. எதனோடும் ஒத்துப்போகாத அந்தச் சொல் தனியாக விழும்.