வாக்ஸெல் என்றால் கனசதுரமா?

புகைப்படத்தில் இருக்கும் முகத்தைச் சின்னச் சின்னக் கட்டைகளால் ஆன பொம்மையாக மாற்றுகிறவர்கள் அந்தக் கட்டை ஒவ்வொன்றையும் ‘வாக்ஸெல்’ என்கிறார்கள். அதனால் வாக்ஸெல் என்றாலே கனசதுரம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அது சரியில்லை.

முதலில் வந்தது பிக்சல். படங்கள் என்பதைப் பேச்சுவழக்கில் சுருக்கி ‘பிக்ஸ்’ என்பார்கள். அதனுடன் கூறு என்று பொருள்படும் ‘எலிமென்ட்’ சேர்ந்து பிக்சல் ஆனது. அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கூடமான ஜேபிஎல்லில் இருந்த ஃபிரடெரிக் பில்லிங்ஸ்லி 1965இல் இதை அச்சில் எழுதினார். பிறகு, பருமன் எனப் பொருள்படும் ‘வால்யூம்’ என்ற சொல்லின் தலையை வெட்டி, பிக்சலின் வாலோடு ஒட்டினார்கள். வாக்ஸெல் கிடைத்தது. வால்யூமில் ‘க்ஸ்’ ஒலியே கிடையாது. அது முழுக்க பிக்சலிடம் வாங்கிய கடன்.

ஆக, வாக்ஸெல் என்பது பருமனின் ஒரு கூறு. இடத்தில் ஓர் அலகு, அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதான். சிடி ஸ்கேனில் ஒரு வாக்ஸெல் அகலத்திலும் உயரத்திலும் அரை மில்லிமீட்டர், ஆழத்தில் 5 மில்லிமீட்டர் என்று குச்சி போல நீண்டிருக்கலாம். மதிப்பும் நிறமாக இருக்க வேண்டியதில்லை. ஸ்கேனில் அது திசு எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. பொம்மையில்தான் அலகு கனசதுரமாகவும் மதிப்பு நிறமாகவும் அமைகின்றன.

தங்கை மகளின் படத்தை வைத்து ஒரு பொம்மை செய்தேன். 480க்கு 600 பிக்சல் படத்தை 16க்கு 20 கட்டங்களாகப் பிரித்தால், ஒரு கட்டத்துக்குள் 30க்கு 30 பிக்சல் விழும். அவற்றின் சராசரி நிறத்தை எடுத்து, கையில் இருக்கும் எட்டு நிறங்களில் எது மிக அருகில் இருக்கிறதோ அந்தக் கட்டையை வைக்க வேண்டும். பொம்மை முடிந்ததும் அவள் கேட்டது: “மாமா, எனக்கு ஏன் முகமெல்லாம் திருநீறு பூசியிருக்கீங்க?”

காரணம் கணக்கில் இருந்தது. கணினியில் ஒரு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஆளுக்கொரு எண். கன்னத்தின் சராசரி சிவப்பு 150, பச்சை 105, நீலம் 80. என்னிடம் இருந்த பழுப்பு 114, 71, 40. சாம்பல் மூன்றிலும் 128. ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் பழுப்புக்கு 4052 வருகிறது, சாம்பலுக்கு 3317. சிறிய எண்ணே அருகில் என்பதால் சாம்பல் ஜெயித்துவிட்டது. கண்ணுக்கு அந்தக் கன்னம் பழுப்பின் சொந்தக்காரன். ஆனால் இந்தக் கணக்குக்கு வெளிச்சமும் நிறச்சாயலும் ஒன்றுதான். நம் தோல் நிறங்களில் இந்தப் பிழை நேர்வதற்கு இடம் அதிகம், ஏனென்றால் அடர்பழுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே வேறு நிறம் இல்லாத வண்ணத் தட்டுகள் சாதாரணம். எட்டில் ஒன்றாக இருந்த ஊதாவை எடுத்துவிட்டு 150, 100, 70 என்ற இளம்பழுப்பைச் சேர்த்தேன். வித்தியாசம் 125 ஆகக் குறைந்தது, முகம் முகமானது.

கண்களைச் சராசரி கெடுத்துவிடும். அந்தப் படத்தில் முகத்தின் அகலம் 10 கட்டம். கண் முகத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று படம் வரைகிறவர்கள் சொல்வார்கள், அப்படியானால் ஒரு கண்ணுக்கு இரண்டே கட்டைகள். வெள்ளை விழியும் கரும்பாவையும் ஒரே கட்டத்தில் கலந்து மங்கலான பழுப்பாகின்றன. அதனால் கண்ணை மட்டும் கையால், ஒரு வெள்ளைக் கட்டை ஒரு கறுப்புக் கட்டை என்று வைத்தேன். அப்புறம் ஆழம். புகைப்படம் முன்பக்கத்தை மட்டும்தான் தரும். மூக்கை ஒரு கட்டை முன்னே தள்ளுவது, கண்ணை ஒரு கட்டை பின்னே இழுப்பது, பின்னந்தலைக்கு முடி வைப்பது எல்லாம் செய்கிறவரின் முடிவு. ஜன்னலோரம் எடுத்த படம் என்றால் முகத்தின் ஒரு பாதி அடர்பழுப்புக்குப் போய்விடும். அப்படிப்பட்ட படத்தைத் திருத்துவதைவிட, முகத்துக்கு நேரே வெளிச்சம் விழும்படி இன்னொன்று எடுப்பது எளிது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பிக்சலுக்குப் ‘படவணு’ என்றும் ‘படப்புள்ளி’ என்றும் எழுதுகிறார்கள். ‘கனசதுரம்’ வடிவத்தைச் சொல்வதால் ஸ்கேன் குச்சிக்குப் பொருந்தாது. ‘கனவணு’ பொருளில் சரிதான், ஆனால் படித்தவுடன் கனவுதான் நினைவுக்கு வருகிறது. பருமனோடு அணுவைச் சேர்த்த ‘பருமவணு’தான் எனக்குப் பிடித்தது. படவணுவோடு ஓசையும் உறவாடுகிறது, மூலச்சொல்லில் வாக்ஸெல் பிக்சலோடு உறவாடுவது போலவே. பொம்மையைப் ‘பருமவணு உருவம்’ என்றும், அதில் கையால் எடுத்து வைக்கும் துண்டை வழக்கம்போல ‘கட்டை’ என்றும் சொன்னால், அலகு வேறு, வடிவம் வேறு என்பது தமிழிலேயே பிரிந்து தெரியும்.